யாழ்ப்பாணம் திருநெல்வேலி மேல்மாடி வீட்டு வாடகை ஒப்பந்தம்: பெறாமகளுக்கு எழுதிய சுருக்கம்

அன்புள்ள மகள்,

நீ அனுப்பின 14 பக்கத்தையும் இரண்டு தரம் வாசித்தேன். 27 பிரிவு, கடைசியில் ஒரு பொருள் அட்டவணை. ஆங்கிலத்தில் நீளநீளமாக எழுதியிருக்கிறார்கள், நீ தலை சுற்றுது என்றதில் பிழையில்லை. கிளிநொச்சியில் சொந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதுதான் முதல் வாடகை வீடு, அதனால் கையெழுத்துக்கு முன் உனக்குக் கட்டாயம் விளங்க வேண்டியதை மட்டும் எழுதுகிறேன். அடைப்புக்குள் உள்ளது பிரிவு எண். ஒப்பந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசி.

முதலில் கணக்கு. வாடகை மாதம் 32,000 ரூபா, ஒவ்வொரு மாதமும் 5 ஆம் திகதிக்குள் (4). காலம் 2026 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. மின்சாரம் உன் தனி மீற்றர்ப்படி நீ கட்ட வேணும். தண்ணீர் கிணற்றுத் தண்ணீர், அதற்குக் காசில்லை.

இனி அறிவித்தல். இதில்தான் ஆட்கள் கூடுதலாக மாட்டுகிறார்கள். நீ வீட்டை விடுவதென்றால் 2 மாத அறிவித்தல் எழுத்தில் கொடுக்க வேணும் (21). ஆனால் அந்த 2 மாதம் நீ கடிதம் கொடுத்த நாளில் தொடங்காது. கடிதம் வீட்டுக்காரரின் கைக்குக் கிடைத்த மாதத்துக்கு அடுத்த மாதம் 1 ஆம் திகதியில்தான் தொடங்கும். ஏப்ரல் 10 இல் கொடுத்தாயென்று வை. எண்ணத் தொடங்குவது மே 1, முடிவது ஜூன் 30. ஏப்ரல் 30 இல் கொடுத்தாலும் அதே ஜூன் 30 தான். இரண்டு நாள் தாமதித்து மே 2 இல் கொடுத்தால் ஜூலை 31 வரை வாடகை உன் தலையில், அதாவது இரண்டு நாளுக்கு 32,000 ரூபா. ஆகவே கடிதம் எப்போதும் மாத முடிவுக்கு முன் போய்ச் சேர வேணும்.

கடிதம் என்றால் கடிதம்தான். வட்ஸ்அப், வைபர், வாய்ச்சொல் எதுவும் அறிவித்தலாகாது (24). பதிவுத் தபாலில் அனுப்பு, அல்லது நேரில் கொடுத்து உன் பிரதியில் திகதியோடு அவரின் கையெழுத்தை வாங்கு. நான் வேலை கிடைத்த புதிதில் வெள்ளவத்தையில் அறை எடுத்து இருந்தபோது “அங்கிள், அடுத்த மாதம் போறன்” என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். ஒப்பந்தத்தில் எழுத்தில் என்று இருந்தது. முற்பணத்தில் ஒரு சதமும் திரும்பி வரவில்லை. பிழை என்னுடையது, ஆனால் அந்த வயதில் அதை எனக்குச் சொல்லித்தர ஆளிருக்கவில்லை.

முதல் 6 மாதத்துக்குள் விட்டால் ஒரு மாத வாடகையை வைப்பிலிருந்து கழிப்பார்கள் (22). உனக்கு மாற்றம் வரக்கூடும் என்கிறாய். அதனால் இதைக் கட்டாயம் பேசு: அரச இடமாற்றக் கடிதம் காட்டினால் இந்தக் கழிவு இல்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொல். நியாயமான கேள்வி, மறுக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்காரர் உன்னை எழுப்புவதென்றால் 3 மாத அறிவித்தல். வாடகை நிலுவை ஒரு மாதத்தைத் தாண்டினால் மட்டும் 14 நாள் (23). அடுத்த வருடமும் இருக்க விரும்பினால் ஒக்ரோபர் 31 க்குள் எழுதிக் கேட்க வேணும், புது வாடகை 10 வீதம் கூடி 35,200 ஆகும். மறந்தால் டிசம்பர் 31 உடன் ஒப்பந்தம் முடிந்தது.

வைப்புப் பணம் 3 மாத வாடகை, 96,000 ரூபா (7). அது உன் காசு, அவரிடம் பொறுப்பாக இருக்கிறது. திறப்பைக் கொடுத்து 30 நாளுக்குள் வட்டியில்லாமல் திரும்பும். கட்டாத மின் பில்லையும் சேதத்தையும் கழிக்கலாம். கடைசி மாத வாடகையை இதில் கழித்துக்கொள்ளுங்கோ என்று நீ சொல்ல ஏலாது (9). பல பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடிக்காத ஒன்று இருக்கிறது. 8 ஆம் பிரிவு, வழமையான பாவனையால் வரும் தேய்மானத்துக்குக் கழிக்கமாட்டோம் என்கிறது. நல்லது. ஆனால் 13 ஆம் பக்கத்தில், பொருள் அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில், வெளிக்கிடும்போது பெயின்ற் அடிக்க 15,000 ரூபா கழிப்போம் என்று இருக்கிறது. ஒரு வருடம் இருந்தால் சுவர் மங்கும், அது தேய்மானம்தான். இரண்டும் ஒன்றோடொன்று முட்டுகிறது. அந்த வரியை வெட்டச் சொல். வெட்டினால் பக்கத்தில் இருவரும் சிறு ஒப்பம் வைக்க வேணும். காசு கொடுக்கும்போது வாடகைக்கு ஒரு பற்றுச்சீட்டு, வைப்புக்கு வேறொரு பற்றுச்சீட்டு வாங்கு.

திருத்த வேலை (14 முதல் 18 வரை). கூரை, சுவர், வயரிங், மலக்குழி, தண்ணீர் ராங்கி, பிரதான குழாய் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. பல்ப், சுவிச், பைப் வாஷர், பூட்டு, அடைபட்ட சிங்க் மாதிரி ஒரு வேலைக்கு 5,000 ரூபாவுக்கு உட்பட்டவை உன்னுடையவை. எங்கட கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, பைப்பும் ஷவரும் படிந்து அடைபடும். அந்தச் செலவு உனக்குத்தான் என்று எண்ணிக்கொள்.

16 ஆம் பிரிவை மட்டும் அப்படியே ஒப்புக்கொள்ளாதே. “தண்ணீர் மோட்டரும் அதன் உபகரணங்களும் வாடகைக்காரர் பராமரிப்பில்” என்கிறது, தொகை வரம்பு எழுதவில்லை. அதே மோட்டரில்தான் கீழ்வீட்டுக்காரரும் தண்ணீர் ஏற்றுகிறார். கொயில் எரிந்தால் முழுச் செலவும் உன்னிடம் கேட்கலாம். மோட்டரை 15 ஆம் பிரிவுக்கு, அதாவது அவர் பொறுப்புக்கு மாற்றச் சொல். முடியாதென்றால் பாதிப் பாதி என்றாவது எழுதட்டும்.

பெரிய பழுது வந்தால் எழுத்தில் அறிவி, அவருக்கு 7 நாள் தவணை. அதற்குள் செய்யாவிட்டால் நீ செய்து 10,000 ரூபா வரை வாடகையில் கழிக்கலாம், ஆனால் அவரின் எழுத்துச் சம்மதமும் பில்லும் வேணும் (17). மாரி மழையில் ஒழுகினால் உடனே எழுது. பிந்திச் சொன்னதால் சேதம் கூடினால் அந்தக் கூடின பங்கு உன்னுடையது (18).

அன்று வீடு பார்க்க வந்தபோது சின்ன அறை மேல்சுவரில், சன்னலுக்கு மேலே, தேத்தண்ணி நிறத்தில் ஒரு கறை கண்டேன். விரல் வைத்தால் சுண்ணாம்பு உதிர்கிறது. அட்டவணையில் அது இல்லை. “ஏற்கெனவே உள்ளது” என்று எழுதுவி. குடிபுகும் நாளே ஒவ்வொரு அறையையும் மின் மீற்றர் இலக்கத்தையும் படமெடுத்து வை.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எங்கட சட்டத்தில், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் எழுதப்பட வேணும். நமக்குள்ளே கையெழுத்து வைத்தால் போதும் என்று யாரும் சொன்னால் கேளாதே. நொத்தாரிசுச் செலவு இருவருக்கும் பாதி (26).

வெள்ளிக்கிழமை பின்னேரம் 4 மணிக்குக் கந்தோரில் நானும் இருப்பேன், ஒரு சாட்சி நான்தான். அடையாள அட்டையைக் கொண்டு வா. 96,000 ஐக் காசாகக் கொண்டு வராதே, வங்கிக்கு மாற்று, அதற்கு முன் 16 ஆம் பிரிவும் பெயின்ற் வரியும் திருந்தினதா என்று நான் பார்த்துச் சொல்லுகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா