நேற்றைய பேச்சுக்கு நன்றி – உதவிக் கணக்காளர் வேலை தொடர்பாக

வணக்கம் தர்ஷினி மிஸ்,

நேற்றுப் பின்னேரம் அழைத்துப் பேசியதற்கு மிகவும் நன்றி. கொழும்புக்கு இப்போது வர ஏலாது என்று நான் சொன்னதும் போனை வைத்துவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் ஆறுதலாக என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள்.

நெல் கொள்வனவுக் கணக்கைக் கேட்டீர்கள் அல்லவா, அதை இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். வேளாண்மை வெட்டுக் காலத்தில் எங்கள் ஆலை வாசலில் உழவு மெஷின் பெட்டிகள் வரிசையில் நிற்கும். தராசில் நிறை, பிறகு ஈரம் பார்ப்பது, 14 வீதத்துக்கு மேல் போனால் கழிவு. முன்பு இதெல்லாம் கொப்பியில்தான். கழிவில் தகராறு வந்தால் பழைய பக்கங்களைப் புரட்ட வேண்டும். நான் எக்செலில் ஒரு தாள் போட்டுக் கொடுத்தேன். நிறையையும் ஈரத்தையும் அடித்தால் கொடுக்க வேண்டிய தொகை வந்துவிடும், விவசாயி பக்கத்தில் நின்றே பார்ப்பார். பெரிய சொஃப்ட்வெயர் ஒன்றும் இல்லை, ஆனால் சண்டை குறைந்துவிட்டது.

நீங்கள் சொன்னபடி லிங்க்டின் தலைப்பை நேற்றிரவே மாற்றிவிட்டேன். ‘வேலை தேடுகிறேன்’ என்றிருந்த இடத்தில் இப்போது ஆலைக் கணக்கு, வட், சம்பளப் பட்டியல் எல்லாம் இருக்கின்றன. ‘Open to Work’ பகுதியில் ‘Recruiters only’ போட்டிருக்கிறேன். அதுவும் முழுக்க மறைக்காது என்பதால் ஒரு வேண்டுகோள்: நான் சொல்லும்வரை என் கம்பனியில் யாரிடமும் என்னைப் பற்றி விசாரிக்க வேண்டாம்.

மார்ச் 31 கணக்கு முடிப்பை விட்டுவிட்டு வர மனமில்லை. தம்பியும் இந்த வருடம் ஏ.எல். எடுக்கிறான், அம்மா தனியே சமாளிப்பது கஷ்டம். அவனுடைய பரீட்சை முடிந்தால் கொழும்புக்கு வரத் தயார். அதற்கிடையில் மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பக்கம் ஏதாவது வந்தாலோ, வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை என்றாலோ உடனே சொல்லுங்கள். நேர்முகத்துக்கு மட்டும் என்றால் இரவு பஸ் ஏறிக் காலையில் வந்து நிற்பேன்.

அப்புறம், நீங்கள் நேற்றுச் சொன்ன கொழும்பு வேலைக்கு என்னோடு வந்தாறுமூலையில் படித்த தோழி ஒருத்தி பொருத்தமாக இருப்பாள். ஏற்கெனவே வெள்ளவத்தையில்தான் தங்கியிருக்கிறாள், ஓடிட் அனுபவமும் உண்டு. அவளிடம் கேட்டுவிட்டேன், சரி என்றாள். நீங்கள் விரும்பினால் சீ.வி.யை அனுப்பச் சொல்கிறேன்.

சி.ஏ. பரீட்சை முடிவு வந்ததும் எப்படியும் உங்களுக்கு ஒரு மெசேஜ் போடுவேன். பதில் எழுத வேண்டும் என்றில்லை.

அன்புடன்,
நிரோஷா
பெரியகல்லாறு