பின்பக்கத்துக் குவியல்

"ஒரு மாசமா ஒரு கல்லும் தேறலையாம்" என்றாள் பாட்டி, பிரவீன் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே. "ஆறு அம்மிக்கு முன்பணம் வாங்கியாச்சு. வைகாசி முகூர்த்தம் நெருங்குது. உங்க தாத்தா தட்டறாரு, உதட்டைப் பிதுக்கறாரு, பின்னாடி தூக்கிப் போடறாரு. நீயாவது என்னன்னு கேளு."

எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து ஓசூரிலிருந்து வந்திருந்தான். பர்கூரிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர் தள்ளி ஊர். பஸ்ஸை விட்டு இறங்கினாலே கல்தான். சாலையோரம் முழுக்க கிரானைட் பட்டறைகள், வேலிக்கு நட்ட கல்லுக்கால்கள், மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகக்கூடக் கற்பலகை. மாரப்பன் தாத்தாவுக்கு எழுபத்தொன்று. நாற்பது வருஷம் குவாரியில் இருந்தவர். இப்போது புளியமரத்தடியில் நாலு தென்னங்கீற்றைப் போட்டு உட்கார்ந்து, குவாரிக்காரர்கள் கழித்துப் போடும் துண்டுக் கல்லில் அம்மி, ஆட்டுக்கல், உரல் கொத்துகிறார்.

மறுநாள் விடிந்ததும் அவரே கூப்பிட்டார். "வா கண்ணு. வெயில் சாய்வா இருக்கும்போதே பாத்துரணும்."

நிறுத்தி வைத்த கல்லின் பக்கவாட்டில் அவனைக் குந்த வைத்தார். "தலையைச் சாய்ச்சுப் பாரு. மினுமினுன்னு தெரியுதா?"

தெரிந்தது. சாம்பல் கல்லுக்குள் பொடிப்பொடியாகக் கறுப்புச் செதில்கள். காக்காப்பொன். அவன் தலையைக் கொஞ்சம் நகர்த்தியதும் அத்தனையும் ஒரே நேரத்தில் பளிச்சென்று கண் விழித்தன. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் மொத்தமும் அணைந்துவிட்டன.

"எல்லாம் ஒரே பக்கமா படுத்திருக்கு பாரு, பாய்ல வரிசையாப் படுத்த மாதிரி. அதுதான் ஓட்டம். அந்தப் பக்கமா ஆப்பு வெச்சா கல்லு தானா விட்டுக் குடுக்கும். குறுக்கால வெச்சா உன்னைப் பழி வாங்கும்."

"ரெண்டு பக்கம்தானா?"

"மூணு. ஒண்ணு லேசு, ஒண்ணு சுமார், ஒண்ணு கடுசு. மூணாவதுல கை வைக்கறவன் உளியைத் தீட்டியே சாவான்."

அம்மிக்குக் காக்காப்பொன் அதிகம் இருக்கக் கூடாதாம். அது மெத்தென்று இருப்பதால் உரிந்து உரிந்து வரும், சட்னியில் நறநற என்று கடிபடும். இதைச் சொல்லும்போது தாத்தா தன் பல்லையே கடித்துக் காட்டினார்.

அப்புறம் சத்தம். தரையில் கிடந்த கல்லை ஒரு தட்டுத் தட்டச் சொன்னார். தொப். "இது கல்லோட சத்தமில்லை, மண்ணோட சத்தம்" என்று கடப்பாரையால் நெம்பி, இரண்டு முனையிலும் கொஞ்சம் உள்ளே தள்ளி முட்டுக்கல் கொடுத்தார். கல் தரையை விட்டு எழும்பி நின்றது. "இப்பத் தட்டு. ஓங்கி அடிக்காதே. கதவைத் தட்டற மாதிரி."

டங்ங்ங் என்று கிளம்பி, கொஞ்ச நேரம் காற்றிலேயே நின்றது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு தாத்தா."

"நல்லான்னா? சாம்பாரா?"

பிரவீனுக்குச் சொல்லத் தெரியவில்லை. தாத்தா சுத்தியை வாங்கித் தானே தட்டினார். இடது கை விரல் நுனி மட்டும் கல்லின் மறுமுனையில் பட்டும் படாமலும் இருந்தது. முகம் சுருங்கியது. "ஓரத்துல எங்கியோ செத்துக் கிடக்கு. பின்னாடி தள்ளிரு."

அவனும் தள்ளினான். அன்று ஐந்து கல் பார்த்தார்கள். ஐந்தும் பின்னால் போயின.

வேலையின் நடுவே தாத்தா பேசிக்கொண்டே இருப்பார். இப்போது குவாரியில் வைரம் கோத்த வயரை ஓட விட்டு, வெண்ணெய் மாதிரி பாறையை அறுக்கிறார்கள். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அதெல்லாம் ஏது? நெருப்பு வைத்து உரிப்பார்கள். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பாறை மேல் விறகை நீளக் கோடாக அடுக்கி மூட்டி, மெதுவாக முன்னால் தள்ளிக்கொண்டே போவார்கள். சூட்டில் மேல்தோல் மட்டும் உப்பி, அடிப்பாறையை விட்டுப் பிரியும். எதுவரை பிரிந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒருத்தன் நெருப்புக்கு முன்னால் சுத்தியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். 'தொம்' என்றால் அங்கே பிரிந்துவிட்டது, 'டங்' என்றால் இன்னும் பிடித்திருக்கிறது. தொம் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் நெருப்பு நகரும்.

"கடைசியில அரை அடி கனத்துக்குப் பலகையா வந்துரும். தோசை திருப்பற மாதிரி. எங்கப்பன் விறகு தள்ளுவாரு, நான் தட்டுவேன். அப்ப எனக்கு உன் வயசு."

"நெருப்பு பக்கத்துல சின்னப் பையனை எதுக்கு விட்டாங்க? அவரே தட்டியிருக்கலாமே?"

"அவருக்கு விறகு வேலை" என்றார் தாத்தா, உளியைப் புரட்டிப் பார்த்தபடி.

ஒரு தடவை மகாபலிபுரத்திலிருந்து ஸ்தபதி ஒருத்தர் சிலைக்குக் கல் தேடி வந்தாராம். மணி மாதிரி ஒலித்தால் ஆண் கல், தாளம் மாதிரி ஒலித்தால் பெண் கல், இரண்டும் இல்லாவிட்டால் தளவரிசைக்கு என்று பிரித்துக் காட்டினாராம். தாத்தா மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அவர் போன பிறகு, "சாமி செய்யறவங்களுக்கு அது. மொளகா அரைக்கற கல்லுக்கு ஆணென்ன பொண்ணென்ன" என்றாராம். இந்தக் கதையைப் பிரவீனிடம் நாலு நாளில் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

பிரவீன் கையில் அப்பா வாங்கித் தந்த டிஜிட்டல் வாட்ச். மணிக்கு ஒரு தரம் கீச்சென்று இரண்டு முறை கத்தும். முதல் நாள் பாட்டி, "என்னடா அது, எலிக்குஞ்சா?" என்று அடுப்படியிலிருந்தே கேட்டாள். ஐந்தாம் நாள் பத்து மணிக்கு, தாத்தாவின் கன்னத்துக்கு ஒரு முழம் தள்ளி அது கத்தியது. புளியமரத்தில் இருந்த மைனா திரும்பிப் பார்த்தது. தாத்தா திரும்பவில்லை.

பதினொரு மணிக்கு வேண்டுமென்றே கையை அவர் வலது காதருகில் கொண்டுபோனான். "என்னடா, தலையில பூச்சியா?" என்று தட்டிவிட்டார்.

மத்தியானம் அவர் சாப்பிட்டுக் கண் அசந்ததும் சுத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். குவியலில் மேலாக இருந்ததை உருட்டி இறக்கினான். இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துத் தட்டினான். டங்ங்ங். அடுத்தது. அதுவும் கணீரென்றது. மூன்றாவது கல் மட்டும் விரிசல் பானை மாதிரி கரகரத்தது. தேருமா தேறாதா என்று அவன் யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. சந்தையில் பாட்டி ஒவ்வொரு பானையாகச் சுண்டிச் சுண்டிப் பார்த்து வாங்குவாளே, அந்த வித்தியாசம்தான்.

சத்தம் கேட்டுப் பாட்டி வந்து நின்றாள். அவன் சுத்தியைக் கீழே வைத்தான்.

"நாற்பது வருஷம் வெடிச் சத்தத்துல நின்ன காதுடா" என்றாள் மெதுவாக. "கூப்பிட்டா கேக்குது, பேசினா கேக்குது. சன்னமா இருக்கறது மட்டும் விழறதில்லை. எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். அவருக்குத் தெரியுமான்னுதான் தெரியலை."

சாயங்காலம் வரை பிரவீன் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் தாத்தா எழுந்து வந்து வழக்கம்போல ஒரு கல்லைத் தட்டி, "செத்துக் கிடக்கு" என்றபோது, "இல்லை தாத்தா. இது கணீர்ங்குது" என்றான்.

"எனக்குச் சொல்றியா?"

"நிக்குது தாத்தா. தட்டி முடிச்சப்புறமும் கொஞ்ச நேரம் நிக்குது. மேல சன்னமா ஒண்ணு போயிட்டே இருக்கு."

தாத்தா அவனைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்தார். திரும்பத் தட்டினார். இன்னொரு தரம், இடது காதைக் கல்லருகே கொண்டுபோய்த் தட்டினார். பீடியைத் தேடிச் சட்டைப் பையில் கை விட்டு, எடுக்காமலே கையை வெளியே இழுத்தார்.

"தண்ணி கொண்டா."

குடம் தண்ணீரைக் கல் முழுக்க ஊற்றினார்கள். கறுத்துப் பளபளத்த கல் வெயிலில் விளிம்பிலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. உள்ளே விரிசல் இருந்தால் அந்த இடம் மட்டும் தண்ணீரைக் குடித்துவிட்டு, காய மறுத்து, மயிரிழையாகக் கறுப்புக் கோடு காட்டும். இரண்டு பேரும் குந்திக்கொண்டு பார்த்தார்கள். கல் மொத்தமும் ஒரே சீராக வெளுத்தது. கோடு இல்லை.

தாத்தா ரொம்ப நேரம் அந்த வெளுப்பையே பார்த்தார். "எங்கப்பனுக்கு விறகு வேலைன்னேனே" என்றார். மேற்கொண்டு சொல்லவில்லை. எழுந்து ஆப்புப் பையை எடுத்தார்.

ஓட்டத்தின் வழியே கோடு போட்டு, ஒரு சாண் இடைவெளியில் குழி வெட்டி ஐந்து ஆப்பு இறக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு அடி, வரிசையாக. திரும்ப முதலிலிருந்து. ஆப்பு இறுக இறுகச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. டிக், டிக் என்றிருந்தது டிங், டிங் என்று ஆனது.

"ஏறுதா?"

"ஏறுது."

"ஏறறது நின்னு திடீர்னு இறங்குச்சுன்னா கையைத் தூக்கு."

நாலாவது சுற்றில் மூன்றாவது ஆப்பு தொபுக்கென்று தாழ்ந்தது. பிரவீன் கையைத் தூக்கினான். தாத்தா சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "இனிமே அது பாத்துக்கும். அவசரப்பட்டு அடிச்சா கோணலாப் போயிரும்." கொஞ்ச நேரத்தில் துணி கிழிகிற மாதிரி மெல்லிய சத்தம். பிரவீனுக்குத்தான் கேட்டது. கல் இரண்டாக, ரொட்டியைப் பிய்த்த மாதிரி, அலுங்காமல் விலகிக் கிடந்தது. உள்பக்கம் ஈரமில்லாமல், துருக்கறை இல்லாமல், முதல் முதலாக வெயிலைப் பார்த்துக் கூசியது.

"ரெண்டு அம்மி" என்றார் தாத்தா.

அதற்கப்புறம் இருட்டும்வரை குவியலைப் பிரித்தார்கள். அவன் தட்டுவான். அவர் விரல் நுனியை வைத்துக்கொண்டு, கல்லைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்ப்பார். ஒரு கல்லை அவன் நல்லது என்று சொல்ல, அவர் விரலை எடுக்காமல், "இரு. சுத்தியை இது திருப்பிக் குடுக்க மாட்டேங்குது. நல்ல கல்லு கையை மேல தள்ளும்" என்றார். தண்ணீர் ஊற்றினால் மூலையில் கறுப்புக் கோடு. பிரவீன் காது சிவந்தது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு, அந்த ஒரு மாசத்தில் முதல் தடவையாக.

ராத்திரி பாட்டி களி உருண்டையைத் தட்டில் போட்டுக்கொண்டே, "மொத்தம் எத்தனை தேறுச்சு?" என்றாள்.

"பதினொண்ணுல ஏழு" என்றான் பிரவீன்.

"ஆறு" என்றார் தாத்தா.

"ஏழு தாத்தா. அந்த நீளக் கல்லும் நல்லாத்தான் இருந்துச்சு."

"அது ஊமை. விரல்ல ஒண்ணும் வரலை."

"மேல வந்துச்சு, உங்களுக்குத்தான்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

தாத்தா களியைக் குழம்பில் ஒற்றி விழுங்கினார். கையைக் கழுவினார். "டார்ச் எங்க இருக்கு?" என்று பாட்டியிடம் கேட்டார். "ஏ, அந்தக் குடத்தையும் எடுத்துக்கடா."

"சாப்பாட்டை முடிச்சுட்டுப் போங்களேன்" என்று பாட்டி பின்னாலிருந்து கத்தினாள். இரண்டு பேரில் ஒருத்தருக்கும் அது காதில் விழவில்லை.