தர்ஷினிக்கு, பஸ்ஸில் வாசிக்க

பொகவந்தலாவை
ஞாயிறு இரவு

அன்புத் தங்கச்சி தர்ஷினி,

இந்தக் கடிதத்தை உன் நீலப் பையின் உள்பக்கத்துச் சிப்பில், பிறப்புச் சான்றிதழ் கோவைக்கு மேல் வைத்திருக்கிறேன். கினிகத்தேனை இறக்கத்தில் வாசிக்காதே, தலை சுற்றும். நாவலப்பிட்டியில் பஸ் கொஞ்ச நேரம் நிற்கும், அப்போது பிரி. அந்த நேரம் சின்னம்மா உன் தோளில் சாய்ந்து தூங்கிப் போயிருப்பார். விடிய மூன்று மணிக்கே எழுந்து ரொட்டி தட்டியவர், எழுப்பாதே.

முதலில் வாழ்த்து. நம் லயத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்துக்குப் போகிற முதல் ஆள் நீ. உன் பெறுபேறு வந்த அன்று சித்தப்பா மடுவத்தில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார். நான் போனை நீட்டினேன். திரையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தார். அப்புறம்தான் போனை வாங்கினார். அதை நீ பார்க்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நாலு வருஷத்தில் எப்போதாவது மனம் சோர்ந்தால் இந்தப் பக்கத்தை எடுத்து வாசி.

உன் பயம் எனக்குத் தெரியும். போன வாரம் பீலிக்கரையில் துணி அலசும்போது கேட்டாயே, "கோட்டாவில வந்தவன்னு சொல்லுவாங்களா அக்கா?" என்று. அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். பல்கலைக்கழக அனுமதியில் நாடு முழுவதற்கும் பொதுவான திறமை அடிப்படையில் 40 சதவீதம், மாவட்ட அடிப்படையில் 55 சதவீதம், கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 சதவீதம் என்று இருக்கிறது. நுவரெலியாவும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. ஏன் பின்தங்கியது? உன் பாடசாலையில் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லாமல் எத்தனை மாதம் போனது என்று உனக்கே தெரியும். கொழும்பில் மூன்று டியூசன் வகுப்புக்குப் போன பிள்ளை எழுதிய அதே வினாத்தாளைத்தான் நீயும் எழுதினாய், ஹட்டனுக்கு ஒரு வகுப்புக்குப் போய்வர இரண்டு பஸ் மாறியபடி. யாராவது கேட்டால் இதைச் சொல். குரலை உயர்த்தத் தேவையில்லை, தலையைக் குனியவும் தேவையில்லை.

நான் ஒரு தப்புச் செய்தேன், நீ செய்யாதே. பேராதனையில் முதல் வருஷம் முழுக்க யார் ஊரைக் கேட்டாலும் "ஹட்டன்" என்றுதான் சொன்னேன். தோட்டத்தின் பெயர் வாயில் வரவில்லை. அம்மா என்ன வேலை என்று கேட்டால் பேச்சை மாற்றுவேன். ஒருநாள் என் அறைத்தோழி, குருநாகல் பிள்ளை, விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டாள். சாக்குச் சொல்லி மறுத்தேன். இரண்டாம் வருஷம் அவளாகவே வந்து நின்றாள். லயத்துக் காம்பிராவில் என் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியும் கட்ட சம்பலும் சாப்பிட்டு, கண்ணில் நீர் வழிய இன்னொன்று கேட்டாள். ஒரு வருஷத்தை வீணாக மறைத்தேனே என்று அன்றைக்கு அழுதேன். உன் தோட்டத்தின் பெயரை முதல் நாளே சொல்லிவிடு, மற்றதெல்லாம் இலகுவாகிவிடும்.

சரி, இனிக் கைக்கு உதவுகிற விஷயங்கள்.

கோவையை யாரிடமும் மொத்தமாகக் கொடுக்காதே. கேட்கிற தாளை மட்டும் எடுத்துக் கொடு. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் கடிதம், பாடசாலை விடுகைப் பத்திரம் எல்லாவற்றுக்கும் நாலு நாலு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். உன் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஓர் எழுத்து மாறி இருக்கிறது, நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இருக்கிற கஷ்டம்தான். அதற்காக எடுத்த சத்தியக்கடதாசி கோவையின் கடைசி உறையில் இருக்கிறது. அவர்கள் கேட்கும் முன் நீயாகப் பேச்செடுக்காதே, கேட்டால் உடனே எடுத்துக் கொடு.

மகாபொலவோ வேறு உதவிப்பணமோ கிடைத்தாலும் முதல் தவணை கைக்கு வர மாதங்கள் ஆகலாம். அதை நம்பி யாரிடமும் கடன் வாங்காதே. பழுப்பு உறையில் இருக்கும் காசு முதல் மூன்று மாதத்துக்கு. என் அம்மாவின் சீட்டுக்காசும் என் சம்பளத்தில் கொஞ்சமும் சேர்ந்தது. திருப்பித் தருவது பற்றி யோசிக்காதே, கணக்கு மட்டும் ஒரு கொப்பியில் எழுதி வை, எங்கே போகிறது என்று உனக்கே தெரியட்டும்.

சாப்பாட்டில்தான் எனக்குப் பெரிய பயம். நான் காசு தீர்ந்துபோன ஒரு மாதம் காலையில் பணிஸும் சாயத்தண்ணியும், இரவில் வெறும் சாயத்தண்ணியும் என்று ஓட்டினேன். வீட்டிலிருந்து போன் வந்தால் "சாப்பிட்டேன்மா" என்பேன். ஒருநாள் விரிவுரை மண்டபத்துப் படியில் கண் இருட்டி விழுந்தேன். தூக்கிப் போனது அந்தக் குருநாகல் பிள்ளைதான். நீ சாப்பிடவில்லை என்றால் சாப்பிடவில்லை என்றே சொல். சின்னம்மாவிடம் சொல்ல மனம் வராவிட்டால் எனக்குச் சொல், இரவு பன்னிரண்டு மணியானாலும் சரி. மாதக் கடைசியில் என்னிடமும் பெரிதாக இருக்காது, ஆனாலும் உனக்கு ஒரு வாரத்துச் சாப்பாட்டுக்கு இல்லாமல் போகாது.

கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர்தான், நம் ஊர் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உயரம். அதனால் கம்பளிச் சுவெட்டர் ஒன்று போதும், மற்றதை எடுத்து வைத்துவிட்டேன். குடையை மறக்காதே. அறை ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போகாதே, வளாகத்துக் குரங்குகள் சோப்பைக்கூட விடாது. சீனிச் சம்பல் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டு. பூட்டும் மூன்று முனை பிளக்கும் அடிப் பையில் இருக்கின்றன.

சிங்களம் பிழையாகப் பேசினால் சிரிப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டிருக்காதே. புரியாவிட்டால் "ஹெமின் கியன்ன" என்று சொல், மெதுவாகச் சொல்வார்கள். விரிவுரை ஆங்கிலத்தில் ஓடும்போது முதல் சில வாரம் காதில் காற்று போவது போல் இருக்கும். இருக்கட்டும். அன்றன்றைக்கு வந்த சொற்களைத் தமிழ் விளக்கத்தோடு எழுதி வை, இரண்டு பேர் சேர்ந்து படி. வரிசையின் கடைசியில் போய் உட்காராதே, இரண்டாம் வரிசையில் உட்கார்.

பகிடிவதை பற்றி ஒன்றே ஒன்று. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். பாட்டுப் பாடச் சொல்வதில் தொடங்கி எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. உனக்குக் கூசுகிற எதையும் "எல்லாருக்கும் நடக்கிறதுதானே" என்று பொறுக்காதே. மாணவர் ஆலோசகரிடம் போ, இல்லையென்றால் எனக்கு எடு, அடுத்த பஸ்ஸில் வருவேன்.

மனம் பாரமான நாளில் வளாகத்துக்குள்ளேயே இருக்கிற குறிஞ்சிக்குமரன் கோயிலுக்கு ஏறிப் போ. ஏறும்போது மூச்சு வாங்கும், மலையில் பிறந்தவளுக்கு அது பெரிதில்லை. அங்கே தமிழ்ப் பிள்ளைகள் எல்லாப் பீடத்திலிருந்தும் வருவார்கள். நான் யாழ்ப்பாணத்துப் பேச்சையும் மட்டக்களப்புப் பேச்சையும் அங்கேதான் பழகினேன். நீ "அங்க வாங்க" என்றால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் "அங்கை வாங்கோ" என்பார்கள். நம் பேச்சை மாற்றிக்கொள்ளாதே, அவர்கள் பேச்சையும் ரசி.

இப்போது கம்பளை வந்திருக்கும். ஜன்னல் பக்கம் பார். 1820களில் இந்தப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களுக்காகத்தான் நம் ஆட்களை முதன்முதலில் மலைக்குக் கொண்டுவந்தார்கள். தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் கணக்கில் இல்லை. காப்பி போய்த் தேயிலை வந்தது. 1824இல் சீனத் தேயிலைச் செடி கொண்டுவந்து நட்டது நீ போகிற பேராதனையின் பூந்தோட்டத்தில்தான். 1867இல் லூல்கந்துரையில் அது தோட்டமானது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் கொழுந்தைக் கிள்ளியது நாம். மண்ணைப் பரிசோதித்தவர், உரத்தின் அளவைச் சொன்னவர், எந்தச் செடியை நடுவது என்று முடிவெடுத்தவர் எல்லாம் வேறு ஆட்கள். சின்ன வயதில் நம் மலைக்கு மண் எடுக்க ஆட்கள் வந்தபோது நீ பின்னாலேயே ஓடி, "இத வச்சி என்ன பாப்பீங்க?" என்று கேட்டாய். அவர் பதில் சொல்லாமல் பொட்டலத்தைக் கட்டினார். நீ அன்றைக்குக் கேட்ட கேள்விக்குத்தான் இப்போது படிக்கப் போகிறாய். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கேட்டுக்குள் நீ ஆய்வுக்காகப் போகிற நாளை நான் இப்போதே நினைத்து வைத்திருக்கிறேன். வேறு பயிர் பிடித்துப் போனாலும் எனக்குச் சந்தோஷமே.

நன்றாகப் படி, நன்றாகத் தூங்கு, நல்ல சிநேகிதிகள் கிடைக்கட்டும். நம் பெரட்டுக்களத்து மாரியம்மன் துணை இருப்பாள். திருவிழாவுக்கு லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் பொங்கல் சோறு உன் ஹொஸ்டல் வாசலுக்கே வரும்.

இனிக் கடிதத்தை மடித்து வை. கண்டி வரைக்கும் போய்விடாதே, பேராதனையில் இறங்க வேண்டும் என்று நடத்துநரிடம் இப்போதே சொல்லி வை. சின்னம்மாவை மெதுவாக எழுப்பு, பெரிய பையை நீ தூக்கு, அவருடைய முதுகு வலிக்கும். இறங்கியதும் ஒரு மிஸ்ட் கோல் கொடு, நான் எடுக்கிறேன்.

அன்புடன்
உன் புவனா அக்கா