ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, இரண்டு புதிய வகுப்பறைகள்: அதிகாரம் – அக்கறைக் கட்டம்

பெறுநர்: பள்ளிக் கட்டடக் குழு உறுப்பினர்கள்
எழுதுவது: கட்டடக் குழு ஒருங்கிணைப்பாளர், முன்னாள் மாணவர்
நாள்: 20 ஜூலை 2025

அனைவருக்கும் வணக்கம்.

ஓட்டுக் கட்டடத்தில் இனி பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது என்று ஒன்றியப் பொறியாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் வராந்தாவில் நடக்கின்றன. சாரல் அடித்தால் சத்துணவுக் கூடத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததை நாம் மறக்கவில்லை. பழைய கட்டடம் நிற்கும் ஒவ்வொரு நாளும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

இரண்டு வகுப்பறைக்கு மதிப்பீடு 33 லட்சம் ரூபாய். 'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 11 லட்சம், ஊர்ப் பங்களிப்பு. இந்தப் பணத்தைப் பற்றி மூன்று கூட்டம் பேசிவிட்டோம். யாரிடம், எப்போது, எதற்காகப் போக வேண்டும் என்று ஒருமுறைகூடப் பேசவில்லை. கீழே இருப்பது அதற்கான கட்டம். மேலாண்மைப் பாடத்தில் மென்டலோ கட்டம் என்று இதைச் சொல்வார்கள். நம் தேவைக்குத் தக்கபடி இரண்டு கேள்விகளாகச் சுருக்கியிருக்கிறேன்.

அதிகாரம் (கீழிருந்து மேலே): இவர் முடியாது என்று சொன்னால் வேலை நிற்குமா? இவர் பேசாமல் இருந்தாலே எத்தனை நாள் தள்ளிப்போகும்?

அக்கறை (இடமிருந்து வலம்): கட்டடம் வந்தால், அல்லது வராவிட்டால், இவருடைய அன்றாடத்தில் என்ன மாறும்?

அக்கறை என்றால் ஆதரவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டடம் வரவே கூடாது என்பவருக்கும் அக்கறை அதிகம்தான். அதனால் ஆதரவு, எதிர்ப்பு, இன்னும் தெரியவில்லை என்பதைத் தனியாக அடைப்புக்குள் குறித்திருக்கிறேன்.

| | அக்கறை குறைவு | அக்கறை அதிகம் |
|---|---|---|
| அதிகாரம் அதிகம் | மாவட்ட ஆட்சியர் அலுவலகம், ஊரக வளர்ச்சி முகமை (தெரியவில்லை). வட்டார வளர்ச்சி அலுவலர், இப்போது ஊராட்சித் தனி அலுவலரும் அவரே (ஆதரவு). ஊராட்சிச் செயலர் (தெரியவில்லை). கிராம நிர்வாக அலுவலர் (ஆதரவு). மின்வாரிய உதவிப் பொறியாளர் (தெரியவில்லை) | தலைமை ஆசிரியர் (ஆதரவு). ஒன்றியப் பொறியாளர், ஓவர்சியர் (ஆதரவு). சிங்கப்பூர் முன்னாள் மாணவர்கள் (ஆதரவு). ஊர் அம்பலகாரரும் கோயில் விழாக் குழுவும் (எதிர்ப்பு). முன்னாள் ஊராட்சித் தலைவர் (தெரியவில்லை) |
| அதிகாரம் குறைவு | பிள்ளைகளை வேனில் டவுன் பள்ளிக்கு அனுப்பும் குடும்பங்கள் (தெரியவில்லை). மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் (ஆதரவு). பக்கத்துக் கடைக்காரர்கள் (ஆதரவு) | 112 மாணவர்கள். கீழத்தெருத் தாய்மார்கள் (ஆதரவு). பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் (ஆதரவு). உதவி ஆசிரியர்கள் (ஆதரவு). சத்துணவு அமைப்பாளர், காலை உணவு சமைக்கும் சுய உதவிக் குழுப் பெண்கள் (ஆதரவு) |

சிலரை ஏன் இந்த இடத்தில் வைத்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். அவர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஊராட்சிச் செயலர். பதவியில் சின்னவர் என்பதால் நம்மில் பலர் அவரைக் கணக்கில் எடுப்பதில்லை. கிராம சபைப் பொருள் நிரலில் நம் தீர்மானம் ஏறுவது, தீர்மானப் புத்தகத்தில் சரியான வாசகத்தில் எழுதப்படுவது, நகல் ஒன்றிய அலுவலகம் போய்ச் சேருவது எல்லாம் அவர் கையில் இருக்கின்றன. அவருக்கு நம்மேல் கோபம் எதுவும் கிடையாது. வேலைப்பளுவில் இதுவும் ஒரு தாள், அவ்வளவுதான். அதனால்தான் அதிகாரம் அதிகம், அக்கறை குறைவு என்ற கட்டத்தில் இருக்கிறார். அவரிடம் கேட்டு நிற்பதைவிட வேலையைக் குறைத்துக் கொடுப்பது நல்லது. தீர்மான வாசகம், மதிப்பீட்டு நகல், பொறியாளரின் கடிதம் மூன்றையும் நாமே ஒரு ஃபைலில் வைத்துக் கொடுத்துவிட வேண்டும்.

முன்னாள் ஊராட்சித் தலைவர். 2019 டிசம்பர் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. நம் புதுக்கோட்டை மாவட்டத்திலும் இப்போது தனி அலுவலர்தான். காகிதத்தில் பார்த்தால் முன்னாள் தலைவருக்கு ஒரு கையெழுத்துகூட இல்லை. ஆனால் பழைய கட்டடத்தை இடிப்பதற்கான முதல் மனுவைக் கொடுத்தவர் அவர். அடுத்த தேர்தலில் நிற்பார் என்று ஊரே பேசுகிறது. அவரைக் கேட்காமல் கிராம சபையில் இதைக் கொண்டுவந்தால், 'என் மனுவை மறைத்துவிட்டார்கள்' என்ற ஒரு வார்த்தை போதும், கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். அவர் கொடுத்த மனுவின் தேதியை நம் தீர்மானத்தின் முதல் வரியிலேயே எழுதுவோம். அது உண்மை, அவருக்குச் சேர வேண்டிய பெயரும்கூட.

அம்பலகாரரும் விழாக் குழுவும். இவர்கள் பள்ளிக்கு எதிரி என்று சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. புதிய கட்டடத்துக்கு நாம் காட்டிய இடம் கிழக்குப் பக்கத் திடல். பங்குனித் திருவிழாவில் அன்னதானப் பந்தல் போடுவதும் பால்குட ஊர்வலம் திரும்புவதும் அங்கேதான். அவர்கள் கேட்பது ஒன்றுதான்: வண்டி திரும்ப இடம் இருக்குமா? இதற்கு நம்மிடம் பதில் இல்லை, ஏனென்றால் யாரும் அளந்து பார்க்கவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் வாங்கி, நில அளவரை வைத்து, அம்பலகாரர் முன்னாலேயே கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்ட வேண்டும். கட்டடத்தை மதில் பக்கமாக ஒதுக்கினால் வழி கிடைக்கும் என்று ஓவர்சியர் சொல்கிறார். கோடு போட்டபின் அம்பலகாரர் சரி என்றால் மேல் வரிசையில் நமக்கு எதிர்ப்பே இல்லை. பெரியவர்களை வைத்து அழுத்தம் கொடுக்கும் யோசனையை நான் ஆதரிக்கவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர். இந்தக் கட்டத்தில் எனக்கு அதிகம் உறுத்துவது இவருடைய இடம். 2009 கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது. சட்டப்படி இவர் மேல் வரிசையில் இருக்க வேண்டியவர். இரண்டு பிள்ளைகளும் இதே பள்ளியில் படிக்கிறார்கள். ஆனால் நம் கூட்டங்களைக் காலை 11 மணிக்கு வைத்தோம். அந்த நேரத்தில் அவர் நூறு நாள் வேலையில் கண்மாய்க் கரையில் நிற்கிறார். தீர்மானம் எழுதி முடிந்தபின் கையெழுத்துக்கு மட்டும் நோட்டு அவர் வீட்டுக்குப் போகிறது. இனி கூட்டம் மாலை 5.30 மணிக்கு, பள்ளி வராந்தாவில். கிராம சபையில் இந்தத் தீர்மானத்தை முன்மொழிந்து பேசுவதும் அவரே. அவர் சம்மதித்துவிட்டார். என்ன பேசுவது என்று நாம் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. சென்ற வாரம் அவர் சொன்னதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: "ஓடு விழுந்தா எம்புள்ள தலையிலதான விழும், எனக்குத் தெரியாதா என்ன பேசணும்னு."

கீழத்தெருத் தாய்மார்களையும் வலது கீழ்க் கட்டத்தில் 'தகவல் சொன்னால் போதும்' என்று விட்டுவிடக் கூடாது. பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்லும். ஆனால் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். கட்டடம் எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும், கழிப்பறைக்கு வழி எப்படிப் போக வேண்டும் என்று அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் வரைபடத்தை இறுதி செய்ய வேண்டும். ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை படிக்கும் பெண் பிள்ளைகளிடம் இதைத் தனியாகக் கேட்க உதவி ஆசிரியை ஒருவர் முன்வந்திருக்கிறார்.

சிங்கப்பூர் முன்னாள் மாணவர்கள். 11 லட்சத்தில் 7 லட்சம் அவர்கள் தருவதாகச் சொன்னது. எனவே அதிகாரம் அதிகம் என்பதில் சந்தேகமில்லை. கல்வெட்டில் பெயர் வேண்டும் என்று ஒரு பேச்சு வருகிறது. யார் யார் பெயர், எந்த வரிசையில் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பேசி முடிவெடுப்போம். கட்டிய பிறகு பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

இந்தக் கட்டம் இன்றைய நிலைக்கு மட்டும்தான். பணி ஆணை வந்தவுடன் சிலர் இடம் மாறுவார்கள். மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரைப் பாருங்கள். இன்று இடது கீழ்க் கட்டத்தில் இருக்கிறார். தளம் போட்டபின் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். பிபிசி சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள். ஊருக்கு விடும் தண்ணீரிலிருந்துதான் அதை எடுக்க வேண்டியிருக்கும். அந்த 10 நாளும் கட்டடத்தின் ஆயுள் அவர் திறக்கும் வால்வில் இருக்கிறது. இன்றே அவரிடம் போய் உட்கார்ந்து பேசுவோம், எந்தத் தெருவுக்கு எந்த நேரம் குறைப்பது என்று அவரே சொல்லட்டும்.

ஒப்பந்ததாரர் யாரென்று டெண்டருக்குப் பிறகுதான் தெரியும். தெரிந்தவுடன் அவர் நேராக வலது மேல் கட்டத்துக்கு வருவார். வட்டார வளர்ச்சி அலுவலரோ அனுமதி கொடுத்தபின் இன்னும் இடது பக்கம் நகர்ந்துவிடுவார். அதன்பிறகு நாம் அன்றாடம் பேச வேண்டியவர் ஓவர்சியர்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன் முடிக்க வேண்டியவை:

ஜூலை 25-க்குள் தலைமை ஆசிரியரும் நானும் ஊராட்சிச் செயலரிடம் ஃபைலைக் கொடுக்கிறோம். அம்பலகாரரைக் கூப்பிட்டுத் திடலை அளப்பது ஜூலை 27, ஞாயிறு காலை. நில அளவரிடம் நாள் உறுதி செய்வது துணைத் தலைவர் பொறுப்பு. முன்னாள் தலைவரை மேலாண்மைக் குழுத் தலைவரும் தலைமை ஆசிரியரும் சேர்ந்து போய்ப் பார்க்கிறார்கள், நாம் யாரும் கூடப் போக வேண்டாம். திடலின் வடக்கு ஓரம் போகும் மின்கம்பி விஷயமாக மின்வாரியத்துக்கு மனுவை இந்த வாரமே கொடுத்துவிட வேண்டும். கம்பி மாற்றத்துக்குப் பணம் கட்டச் சொன்னால் அது 33 லட்சத்தில் அடங்காது. தொகை தெரிந்தால்தான் சிங்கப்பூர்காரர்களிடம் சொல்ல முடியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சார்ட் தாளில் நாம் வரைந்த கட்டம் தலைமை ஆசிரியர் அறை பீரோவில் இருக்கிறது. அதையோ இந்தக் கடிதத்தையோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். 'எதிர்ப்பு', 'அதிகாரம் குறைவு' என்று எழுதியிருப்பதை அவரவர் பார்த்தால் மனம் புண்படும். நம் ஊரில் நாளைக்கும் எல்லோரும் ஒரே டீக்கடையில்தான் நிற்க வேண்டும். திடலை அளந்தபின் ஜூலை 28, திங்கள் மாலை 5.30-க்குக் கூடி அடைப்புக்குறிகளைத் திருத்துவோம். கிராம சபை முடிந்தபின் கட்டத்தைப் புதிதாக வரைவோம்.