மின்னாற்பகுப்பு: பயிற்சி வினாத்தாளும் விடை விளக்கமும்

பன்னிரண்டாம் வகுப்பு, வேதியியல், மின்வேதியியல் பாடம்
நேரம்: 30 நிமிடங்கள். மொத்த மதிப்பெண்கள்: 32

இத்தாளில் எட்டு வினாக்கள் உள்ளன. சரியான விடைக்கு 4 மதிப்பெண்கள். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைக்கப்படும். விடையளிக்காமல் விட்ட வினாவுக்குக் கழிவு இல்லை. ஒவ்வொரு வினாவிலும் நான்கு விடைகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே அமைக்கப்பட்டுள்ளன. தவறான விடைகள் எவையும் மனம்போன போக்கில் எழுதப்பட்டவை அல்ல. மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் ஏதாவது ஒரு படியைத் தவறாகச் செய்தால் கிடைக்கும் எண்களே அவை. ஆகவே, கணக்கிட்ட எண் விருப்பத்தெரிவுகளில் இருக்கிறது என்பதாலேயே அது சரியாகிவிடாது.

தேவைப்படும் மதிப்புகள்: F = 96500 C mol⁻¹. அணு நிறைகள்: Cu 63.5, Ag 108, Cr 52, Ni 58.7. திட்ட ஒடுக்க மின்னழுத்தங்கள் (வோல்ட்): Ag⁺/Ag +0.80, Cu²⁺/Cu +0.34, Zn²⁺/Zn −0.76, Fe³⁺/Fe²⁺ +0.77, Fe²⁺/Fe −0.44, O₂,H⁺/H₂O +1.23, Cl₂/Cl⁻ +1.36, Na⁺/Na −2.71. 298 K இல் 2.303RT/F = 0.0591 V. இம்மதிப்புகளையே பயன்படுத்துக; நினைவில் உள்ள வேறு மதிப்புகளைக் கொண்டு கணக்கிட வேண்டாம்.

வினாக்கள்

1. பிளாட்டின மின்முனைகள் பொருத்திய கலத்தில் உள்ள CuSO₄ கரைசலின் வழியே 1.50 A மின்னோட்டம் 32 நிமிடம் 10 வினாடி செலுத்தப்படுகிறது. கேத்தோடில் படியும் செம்பின் நிறை:
(அ) 0.951 g (ஆ) 0.953 g (இ) 0.960 g (ஈ) 1.905 g

2. வினா 1 இல் உள்ள அதே கலத்தில், அதே நேரத்தில் ஆனோடில் வெளியாகும் ஆக்சிஜனின் கனஅளவு, 273 K வெப்பநிலையிலும் 1 atm அழுத்தத்திலும்:
(அ) 168 mL (ஆ) 170 mL (இ) 184 mL (ஈ) 336 mL

3. AgNO₃ கரைசல் உள்ள கலமும் Cr₂(SO₄)₃ கரைசல் உள்ள கலமும் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. முதல் கலத்தில் 2.16 g வெள்ளி படிந்தபோது, இரண்டாவது கலத்தில் குரோமியம் மட்டுமே ஒடுக்கமடைந்தது எனக் கொண்டால், படிந்த குரோமியத்தின் நிறை:
(அ) 0.173 g (ஆ) 0.347 g (இ) 0.520 g (ஈ) 0.693 g

4. 1 M CuSO₄, 1 M H⁺ அடங்கிய கரைசலை, முதலில் இரண்டு பிளாட்டின மின்முனைகளைக் கொண்டும், பின்னர் இரண்டு தூய செம்பு மின்முனைகளைக் கொண்டும் மின்னாற்பகுக்க வேண்டும். எல்லாப் பொருள்களும் திட்ட நிலையில் உள்ளன. மிகை மின்னழுத்தமும் கரைசலின் மின்தடையும் புறக்கணிக்கத்தக்கவை. கோட்பாட்டின்படி தேவைப்படும் குறைந்தபட்ச மின்னழுத்தங்கள் முறையே:
(அ) 0.89 V, 0.34 V (ஆ) 1.57 V, 0.00 V (இ) 0.89 V, 0.00 V (ஈ) 1.23 V, 0.34 V

5. அடர் NaCl கரைசலின் மின்னாற்பகுப்பில் சோடியம் அயனியை மட்டும் கடத்தும் சவ்வு, ஆனோடுப் பகுதியையும் கேத்தோடுப் பகுதியையும் பிரிக்கிறது. கேத்தோடுப் பகுதியில் தொடக்கத்தில் நடுநிலையாக உள்ள 500 mL கரைசல் இருக்கிறது. அதன் கனஅளவு மாறவில்லை. 1.93 A மின்னோட்டம் 50 நிமிடம் செலுத்தப்பட்ட பின் அப்பகுதியின் pH (298 K; log 1.2 = 0.08):
(அ) 0.92 (ஆ) 12.78 (இ) 13.08 (ஈ) 13.38

6. Zn | Zn²⁺ (0.10 M) || Ag⁺ (0.010 M) | Ag என்னும் கலத்தின் மின்னழுத்தம், 298 K இல்:
(அ) 1.38 V (ஆ) 1.47 V (இ) 1.53 V (ஈ) 1.65 V

7. Fe³⁺ + 3e⁻ → Fe என்னும் அரைவினையின் திட்ட ஒடுக்க மின்னழுத்தம்:
(அ) +0.33 V (ஆ) +0.17 V (இ) −0.11 V (ஈ) −0.04 V

8. மொத்தம் 200 cm² பரப்புள்ள ஓர் இரும்புத் தகட்டின் மீது 0.010 mm தடிமனுக்கு நிக்கல் முலாம் பூசப்பட வேண்டும். மின்னோட்டம் 2.0 A; மின்னோட்டத் திறன் 95 விழுக்காடு; நிக்கலின் அடர்த்தி 8.90 g cm⁻³. கரைசலில் Ni²⁺ அயனி உள்ளது. தேவைப்படும் நேரம்:
(அ) 25.7 நிமிடம் (ஆ) 46.3 நிமிடம் (இ) 48.8 நிமிடம் (ஈ) 51.3 நிமிடம்

விடைகளும் விளக்கங்களும்

1. விடை (ஆ). நேரம் 32 × 60 + 10 = 1930 வினாடி. மின்னூட்டம் 1.50 × 1930 = 2895 C; இது 2895/96500 = 0.0300 மோல் எலக்ட்ரான். Cu²⁺ + 2e⁻ → Cu என்பதால் செம்பு 0.0150 மோல், நிறை 0.9525 g. 32 நிமிடம் 10 வினாடியை 32.10 நிமிடம் என்று தசமமாக எழுதிவிட்டால் நேரம் 1926 வினாடியாகி, விடை 0.951 g ஆகிவிடும். அணு நிறையை 64 என்று முழுமையாக்கியவர்களுக்கு 0.960 g கிடைக்கும். எலக்ட்ரான் எண்ணிக்கையால் வகுக்க மறந்தால் 1.905 g. இந்த நான்கில் முதல் இரண்டு எண்களுக்கிடையே உள்ள வேறுபாடு 2 மில்லிகிராம் மட்டுமே என்பதால், இடைப்பட்ட படிகளில் தசம இடங்களைச் சுருக்காமல், இறுதி விடையை எழுதும்போது மட்டும் சுருக்குவது நல்லது.

2. விடை (அ). ஆனோடில் 2H₂O → O₂ + 4H⁺ + 4e⁻. சல்பேட் அயனி இங்கே ஆக்சிஜனேற்றம் அடைவதில்லை. நீரே ஆக்சிஜனேற்றம் அடைகிறது. 0.0300/4 = 0.00750 மோல் O₂, அதனை 22.4 L ஆல் பெருக்க 168 mL. 1 bar அழுத்தத்துக்கு உரிய 22.7 L ஐ எடுத்தால் 170 mL என்றும், 298 K க்கு உரிய 24.5 L ஐ எடுத்தால் 184 mL என்றும் வரும். வினாவில் வெப்பநிலையும் அழுத்தமும் வெளிப்படையாகத் தரப்பட்டிருக்கும்போது, மனப்பாடமான மோலார் கனஅளவை எழுதுவது ஏற்புடையதன்று. 336 mL என்பது ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு இரண்டு எலக்ட்ரான்கள் என்று கொண்டதால் வருவது.

3. விடை (ஆ). தொடர் இணைப்பில் இரு கலங்களிலும் ஒரே அளவு மின்னூட்டமே பாய்கிறது. 2.16/108 = 0.0200 மோல் எலக்ட்ரான். Cr³⁺ + 3e⁻ → Cr, நிறை (0.0200/3) × 52 = 0.347 g. சேர்மத்தின் வாய்பாட்டில் இரண்டு குரோமியம் இருப்பதைக் கண்டு எலக்ட்ரான்களை 6 என்று கொண்டவர்கள் 0.173 g என்றும், நிறையை இரண்டால் பெருக்கியவர்கள் 0.693 g என்றும் எழுதுவர். கேத்தோடில் நிகழ்வது அயனியின் ஒடுக்கம். அந்த அயனி எந்த வாய்பாட்டிலிருந்து வந்தது என்பது அங்கே கணக்கில் வராது. 0.520 g என்பது Cr²⁺ எனக் கொண்டதன் விளைவு.

4. விடை (இ). இத்தாளில் மிகவும் நிதானித்துப் படிக்க வேண்டிய வினா இதுவே. பிளாட்டின மின்முனைகள் இருக்கும்போது கேத்தோடில் Cu²⁺ ஒடுக்கமடைகிறது. ஆனோடில் நீர் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. E°(கலம்) = 0.34 − 1.23 = −0.89 V. எதிர்க்குறி இவ்வினை தானாக நிகழாது என்பதைக் காட்டுகிறது. ஆகவே வெளியிலிருந்து குறைந்தது 0.89 V தர வேண்டும். இரண்டு மதிப்புகளையும் கூட்டி 1.57 V என்று எழுதுவோர், ஆக்சிஜனேற்ற மின்னழுத்தமாகக் குறியை ஒருமுறை மாற்றிவிட்டு, பின்னர் மீண்டும் கழிக்கின்றனர். இரண்டும் ஒடுக்க மின்னழுத்தங்களாகவே எழுதப்பட்டு, கேத்தோடின் மதிப்பிலிருந்து ஆனோடின் மதிப்பு ஒரே ஒரு முறை கழிக்கப்பட வேண்டும்.

செம்பு மின்முனைகளைப் பொருத்தியவுடன் ஆனோடின் வினை மாறிவிடுகிறது. நீரைவிடச் செம்பே எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைவதால் Cu → Cu²⁺ + 2e⁻ நிகழ்கிறது. கேத்தோடில் அதன் மறுதலை வினை நிகழ்கிறது. கழித்தால் 0.34 − 0.34 = 0. கரைசலின் செறிவு மாறுவதில்லை. ஆனோடு இழக்கும் நிறையைக் கேத்தோடு பெறுகிறது. செம்பை மின்னாற் தூய்மையாக்கும் ஆலைகள் இந்த வினையைத்தான் பயன்படுத்துகின்றன. அங்கே உண்மையில் தரப்படும் சிறிய மின்னழுத்தம் பெரும்பாலும் கரைசலின் மின்தடையைக் கடக்கவே செலவாகிறது. ஆனோடில் கலந்துள்ள வெள்ளியும் தங்கமும் செம்பைப் போல் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையாததால் கரையாமல் அடியில் சேறாகத் தங்குகின்றன. ‘மின்முனை எதனால் ஆனது?’ என்ற கேள்வியை எழுப்பாமல் அரைவினைகளை எழுதத் தொடங்கினால், கணக்கு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் விடை தவறாகும்.

5. விடை (இ). கேத்தோடில் 2H₂O + 2e⁻ → H₂ + 2OH⁻. சோடியத்தின் −2.71 V உடன் ஒப்பிட்டால், நடுநிலைக் கரைசலில் நீரின் ஒடுக்க மின்னழுத்தம் ஏறத்தாழ −0.41 V மட்டுமே என்பதால் ஹைட்ரஜனே வெளியாகிறது. மின்னூட்டம் 1.93 × 3000 = 5790 C, அதாவது 0.0600 மோல் எலக்ட்ரான். ஓர் எலக்ட்ரானுக்கு ஒரு OH⁻ என்பதால் 0.0600 மோல் OH⁻, செறிவு 0.0600/0.500 = 0.120 M; pOH = 0.92; pH = 13.08. சமன்பாட்டில் 2e⁻ என்று கண்டவுடன் இரண்டால் வகுப்பதாலோ, மோல் எண்ணிக்கையையே செறிவாகக் கொள்வதாலோ 12.78 வருகிறது. இரண்டால் பெருக்கினால் 13.38. (அ) என்பது pOH இன் மதிப்பு.

ஆனோடில் குளோரினுக்குப் பதிலாக ஆக்சிஜன் ஏன் வரவில்லை என்ற ஐயம் நியாயமானது, 1.23 என்பது 1.36 ஐ விடக் குறைவு அல்லவா? மின்னழுத்த அட்டவணை வினையின் வேகத்தைச் சொல்வதில்லை. ஆக்சிஜன் வெளியாவதற்கான மிகை மின்னழுத்தம் மிகுதி. குளோரைடின் செறிவும் இங்கே அதிகம். இவ்விரண்டின் காரணமாகக் குளோரின் முந்திக்கொள்கிறது.

6. விடை (ஆ). E° = 0.80 − (−0.76) = 1.56 V. Zn + 2Ag⁺ → Zn²⁺ + 2Ag; n = 2. [Zn²⁺]/[Ag⁺]² = 0.10/(0.010)² = 1000. E = 1.56 − (0.0591/2) × 3 = 1.47 V. வெள்ளியின் செறிவை இருபடியாக்காவிட்டால் 1.53 V; n = 1 என்றால் 1.38 V, குறி மாறினால் 1.65 V. வெள்ளியின் அரைவினையை இரண்டால் பெருக்கும்போது E° பெருக்கப்படுவதில்லை என்பதையும் கவனிக்கவும்.

7. விடை (ஈ). மின்னழுத்தங்களை நேரடியாகக் கூட்ட இயலாது; கூட்டத்தக்கது ΔG° = −nFE° மட்டுமே. 3E° = 1 × 0.77 + 2 × (−0.44) = −0.11; E° = −0.037 V. கூட்டினால் +0.33, சராசரி எடுத்தால் +0.17, மூன்றால் வகுக்க மறந்தால் −0.11 கிடைக்கும். வினா 6 இல் கழித்தது மட்டும் எப்படிச் சரியாயிற்று என்றால், அங்கே முழுக் கலவினையில் எலக்ட்ரான்கள் இரு புறமும் நீங்கிவிடுகின்றன. இங்கே விடையாக வருவதும் ஓர் அரைவினையே, அதில் எலக்ட்ரான்கள் எஞ்சி நிற்கின்றன.

8. விடை (ஈ). தடிமன் 0.010 mm = 0.0010 cm; கனஅளவு 0.200 cm³, நிறை 1.78 g. நிக்கல் 1.78/58.7 = 0.03032 மோல், எலக்ட்ரான் 0.06065 மோல்; மின்னூட்டம் 5852 C. செலுத்தப்படும் மின்னூட்டத்தில் 95 விழுக்காடு மட்டுமே நிக்கலைப் படிய வைக்கிறது. எஞ்சியது பெரும்பாலும் ஹைட்ரஜன் வெளியாவதில் செலவாகிறது. ஆகவே செலுத்த வேண்டியது 5852/0.95 = 6160 C; நேரம் 3080 வினாடி, அதாவது 51.3 நிமிடம். திறனைக் கணக்கில் கொள்ளாவிட்டால் 48.8 நிமிடம். 0.95 ஆல் வகுப்பதற்குப் பதில் பெருக்கியவர்கள் 46.3 நிமிடம் என்று எழுதுவர். வீணாகும் பங்கு இருக்கும்போது தேவைப்படும் நேரம் குறையுமா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தாலே அது தவறென்று தெரிந்துவிடும். n = 1 எனக் கொண்டால் 25.7 நிமிடம்.