முதலில் இறுக்கு

குருநகர்க் கடற்காற்றுக்கு எந்த இரும்பும் தப்பாது. அம்மம்மாவின் இரும்புக் கட்டிலுக்கு நாலு போல்ட், நாலும் கறள் பிடித்து நட்டோடு ஒன்றாகிக் கிடந்தன. கழற்றாமல் கட்டிலை வாசலால் எடுக்க வழியில்லை. நாளைக்குக் காலமை வெல்டிங் கடைப் பொடியன் கிரைண்டரோடு வருவான், வெட்டி எடுப்பம் என்று அப்பா சொல்லிவிட்டார். தனு அழவில்லை, நேரே பக்கத்து வீட்டு அப்புவிடம் போய் நின்றாள்.

அப்பு கராச்சை மூடிக் கனகாலம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலத்தில் ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்த கை அது, கட்டில் போல்ட் எல்லாம் ஒரு வேலையா என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குந்தியிருந்து டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"ஆர் இதிலை வாய்ச்சாவி போட்டது?"

"நான்தான். வழுக்கிப் போச்சு."

"மூலை மழுங்கினால் பிறகு ஒருத்தராலும் கழட்டேலாது பிள்ளை. வளையச்சாவி போடு, அது ஆறு பக்கமும் பிடிக்கும்."

ஆனால் சாவியை அவர் இன்னும் கையில் கொடுக்கவில்லை. கம்பித் தூரிகையால் மரையை உரஞ்ச வைத்தார், மண்ணெண்ணெயில் கொஞ்சம் எஞ்சின் ஒயில் கலந்து நட்டைச் சுற்றி விட வைத்தார், பிறகு சின்னச் சுத்தியலால் போல்ட் தலையில் தட்டச் சொன்னார். அடிக்கக் கூடாது, தட்டவேண்டும், அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். சூடு காட்டினால் கெதியா இளகுமே என்று தனு கேட்டதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"மண்ணெண்ணெய் விட்ட இடத்திலை நெருப்போ? போய்ப் படு. விடியப் பாப்பம்."

விடியப் பல்லுத் தீட்டாமலே வந்துவிட்டாள். அப்பு மறுபக்கத்துப் போல்ட் தலையை இன்னொரு சாவியால் பிடித்துக்கொண்டார்.

"இப்ப இறுக்கு."

"கழட்டத்தானே அப்பு வேணும்?"

"இறுக்கு எண்டால் இறுக்கு. கொஞ்சம்தான்."

இறுக்கினாள். டிக் என்றொரு சத்தம். அப்பு ஒன்றும் பேசவில்லை, கண்ணால் மற்றப் பக்கம் காட்டினார். இடப்பக்கம் இழுத்தாள், நட்டு அசைந்தது, கால் சுற்று வந்து மறுபடி நின்றது. அவள் தொங்கி இழுக்கப் போக அப்பு கையைப் பிடித்துக்கொண்டார். முறியும். திரும்ப உள்ளே விடு, எண்ணெய் விடு, பிறகு வெளியே எடு. முன்னுக்கும் பின்னுக்குமாக ஆட்ட ஆட்டக் கபிலத் தூள் கொட்டியது, தனுவின் சட்டை முழுக்கக் கறை, அம்மா பிறகு பேசுவா, அது வேறு கதை.

நட்டு விரலாலேயே சுழன்று கையில் விழுந்தபோது படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கிரைண்டர்ப் பொடியன்தான். அப்பா எட்டிப் பார்த்தார்.

"ஒண்டு வந்திட்டுதோ? தா சாவியை, மிச்சத்தை நான் ஒரே இழுவையிலை எடுக்கிறன்."

தனு சாவியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"உங்களுக்குத் தெரியாது அப்பா. முதல்லை இறுக்கோணும்."

அப்பு எழும்பிச் சாரத்தை உதறிக்கொண்டு, பொடியனுக்குத் தேத்தண்ணி போடச் சொல்லிக் குசினிப் பக்கம் குரல் கொடுத்தார்.