முதல் முடிச்சு

மின்னியதும் தாத்தா எண்ணத் தொடங்குவார். ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்தில் இடி கேட்டால் ஒரு மைல். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துத் தகரக் கூரையை மழை அறைகிற இரவுகளில் அந்தக் கணக்கைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். அது பீரங்கியின் தூரம் பார்க்கிற கணக்கு என்பது, கரண்ட் போன ஓர் ஆனி மாத இரவில்தான் தெரிந்தது. குப்பி விளக்கின் முன் குந்தியிருந்தவர், யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

1944 மே மாதம், இந்தியாவின் வடகிழக்கு மலைகளில் கொஹிமா. திருச்சிப் பக்கம் சொந்த ஊருக்குப் போன இடத்தில் பட்டாளத்தில் சேர்ந்தவர் அவர். சிக்னல் பிரிவில் லைன்மேன். எங்கள் மலையைப் போலவே அங்கும் மூடுபனி, சேறு, அட்டை. ஜோட்சோமாவில் நம் பீரங்கிகள் நின்றன. கொஹிமா முகட்டில் ஒரு குழிக்குள்ளிருந்து ஓர் அதிகாரி ஜப்பானியரின் இருப்பிடத்தைப் பார்த்துச் சொல்வார். இரண்டுக்கும் நடுவே தரையில் கிடந்தது ஒற்றைக் கேபிள். மறு கம்பி பூமிதான். அந்தக் கேபிள் அறுந்தால் பீரங்கிகளுக்குக் கண் போய்விடும்.

இருட்டியதும் குண்டுகள் விழத் தொடங்கின. முதல் அறுப்பு ஏழு மணிக்கு. தாத்தாவும் சவரிமுத்துவும் கிளம்பினார்கள். சவரிமுத்து திண்டுக்கல் பக்கத்துப் பையன், பத்தொன்பது வயது. விளக்குப் பிடிக்கக் கூடாது. கேபிளை உள்ளங்கைக்குள் ஓடவிட்டபடியே நடக்க வேண்டும். திடீரென்று அது இழுபடாமல் கையோடு வந்துவிடும். அதுதான் அறுந்த முனை. மற்ற முனையைக் குண்டு எங்கே வீசியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? முழங்காலில் தவழ்ந்து, வட்டம் வட்டமாகத் தடவித் தேட வேண்டும்.

"பனியில் மலைக்குப் போன கை இது. வெளிச்சம் இல்லாமலே கொழுந்துக்கும் முற்றலுக்கும் வித்தியாசம் தெரிந்த கை" என்று விரல்களை விளக்கருகே நீட்டிக் காட்டினார்.

கிடைத்த முனைகளின் உறையைப் பல்லால் சுரண்டி, முடிச்சிட்டு, முறுக்கி, டேப் சுற்றுவார்கள். பிறகு கையோடு கொண்டுபோன பட்டாள டெலிபோனை அங்கேயே இணைத்துப் பிடியைச் சுழற்றுவார்கள். கீழே பீரங்கி பேட்டரியும் மேலே முகடும் பதில் சொன்னால் லைன் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். நள்ளிரவுக்குள் ஆறு இடங்களில் கட்டினார்கள். முகட்டில் போனை எடுக்கிற சிக்னல்காரரும் தமிழர். அவர் முகத்தைத் தாத்தா பார்த்ததே இல்லை. "சொல்லு" என்கிற அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் ஒவ்வொரு முறையும் பிடியைச் சுழற்றினாராம்.

ஏழாவது அறுப்பில், முனையைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்திலேயே குண்டு விழுந்தது. மண் அள்ளி மூடியது. தாத்தா எழுந்தபோது சவரிமுத்து எழவில்லை. இடது கால் முட்டிக்குக் கீழே நசுங்கியிருந்தது. ஆனாலும் அவன் கையில் அந்த மற்ற முனை இருந்தது.

"அண்ணே, முதலில் லைனைக் கட்டுங்கள்" என்றான்.

தாத்தா இங்கே நிறுத்திவிட்டார். மழை மட்டும் கேட்டது. விளக்குத் திரியை அம்மா தூண்டிவிட்டாள்.

"கட்டினேன்" என்றார். "அவன் காலுக்குக் கட்டுப் போடுவதற்கு முன்னால் கம்பிக்குக் கட்டுப் போட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் அதுவரை அவன் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது."

பிறகுதான் தன் தலைப்பாகையைக் கிழித்துத் தொடையில் இறுக்கினார். பிடியைச் சுழற்றினார். முகடு எடுத்தது. பேட்டரியும் எடுத்தது. கட்டிய அதே கம்பியில், மேலே இருந்தவர் பேச வேண்டியதைப் பேசி முடித்த பிறகு, தாத்தா ஸ்ட்ரெச்சர் கேட்டார். சற்று நேரத்தில் நம் பீரங்கிகள் தலைக்கு மேலே பேசின. எதிர்க் குண்டுகள் குறைந்தன. ஆனால் ஸ்ட்ரெச்சர்காரர்கள் விடியும்போதுதான் ஏறி வர முடிந்தது. அதுவரை ஒரு கையால் அவன் தொடைக் கட்டையும் மறு கையால் கேபிளையும் பிடித்தபடி சேற்றில் கிடந்தார். கால்மணிக்கொரு தடவை பிடியைச் சுழற்றும்போதெல்லாம் சவரிமுத்து கண்ணைத் திறந்து, "பேசுகிறார்களா அண்ணே?" என்று கேட்டான்.

கால் போனது. உயிர் தங்கியது. திண்டுக்கல்லிலிருந்து பல வருடங்கள் கடிதம் வந்தது. தாத்தாவின் பட்டாளக் காகிதம் இன்னும் தகரப் பெட்டியில் இருக்கிறது. 1948இல் இலங்கையில் எங்கள் தோட்டத்து மக்களின் குடியுரிமை பறிபோனபோது அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஸ்ட்ரெச்சரோடு நீங்களும் கீழே போகவில்லையா தாத்தா?" என்று கேட்டேன்.

"எப்படிப் போவது? அவனைத் தூக்கிக்கொண்டு நாலடி நடந்திருப்பார்கள். நான் பிடியைச் சுழற்றினேன். முகட்டில் யாரும் எடுக்கவில்லை."

கேபிளை உள்ளங்கைக்குள் விட்டுக்கொண்டு, மேலே நடக்கத் தொடங்கியிருக்கிறார்.